பிடுங்கிய கையே போடும் பிச்சை

அண்ணன் மகள் பொதுச் சுகாதார ஊட்டச்சத்து படிக்கிறாள். அவளுடைய தேர்வில் வரக்கூடிய ஒரு பத்து மதிப்பெண் கேள்வி: உப்பு, மாவு, எண்ணெய் ஆகியவற்றைச் செறிவூட்டுவதற்கான காரணங்களை விளக்குக. "சித்தப்பா, என்ன எழுதலாம்?" என்றாள். சொன்னேன். நல்லவேளை, அவள் அதை எழுதவில்லை.

உப்பில் எனக்குச் சண்டை இல்லை. அயோடினைத் திருடியது மழை. மலைச்சரிவிலும் வெள்ளம் புரளும் நிலத்திலும் மண்ணிலிருந்த அயோடின் கரைந்து கடலுக்குப் போய்விடுகிறது; அந்த மண்ணில் விளைவதைத் தின்றால் கழுத்து வீங்கும், வயிற்றிலிருக்கும் பிள்ளையின் மூளை வளர்ச்சி குன்றும். 1950களில் காங்ரா பள்ளத்தாக்கில் தொடங்கிய ஆய்வில் மருத்துவ விஞ்ஞானி ராமலிங்கசுவாமி இதற்கு உப்பைக் கையில் எடுத்தார். பணக்காரனும் ஏழையும் ஏறத்தாழ ஒரே அளவு தின்னும் பண்டம் அது ஒன்றுதானே! ஆளுக்குத் தேவை நாளுக்கு 150 மைக்ரோகிராம். கிலோவுக்கு 15 மில்லிகிராம் அயோடின் உள்ள உப்பில் பத்து கிராம் தின்றால் கணக்கு நேராகிவிடும். ஈரக்காற்றில் கொஞ்சம் போகும் என்று ஆலையிலேயே கூடுதலாகத் தெளிக்கிறார்கள். சந்தேகமா? சோதனைத் திரவம் ஒரு சொட்டு விட்டால் உப்பு நீலமாகும். யோக்கியமான ஏற்பாடு.

மாவுக்கு வருவோம். கோதுமையின் தவிட்டிலும் முளையிலும்தான் இரும்பும் ஃபோலேட்டும் அதிகம். அவற்றைச் சலித்து எடுத்து மாட்டுக்குப் போட்டுவிட்டு, மிஞ்சிய வெள்ளைத் தூளுக்கு மைதா என்று பெயர் வைத்தோம். மாடு கொழுத்தது, மனுஷிக்குச் சோகை. இப்போது அதே மைதாவில் இரும்பும் ஃபோலிக் அமிலமும் தூவி அதை அறிவியல் என்கிறோம். ஒன்றை மட்டும் ஒப்புக்கொள்கிறேன். கருவின் நரம்புக்குழாய் 28 நாளில் மூடிவிடும். அதற்குள் பல பெண்களுக்குத் தாங்கள் கர்ப்பம் என்பதே தெரியாது. மூன்றாம் மாதம் ஆஸ்பத்திரியில் தரும் மாத்திரை அந்தக் குழாய்க்குப் பிந்திப்போன கடிதம். தினம் தின்னும் மாவில் ஃபோலிக் அமிலம் இருந்தால் நேரத்துக்குப் போய்ச் சேரும்.

எண்ணெய்க் கதைதான் என் வயிற்றெரிச்சல். பனைப்பழத்தில் பிழிந்த கச்சா பாமாயில் குங்குமச் சிவப்பு. அந்தச் சிவப்புதான் கரோட்டின், உடம்பில் வைட்டமின் ஏ ஆகிற சரக்கு. ஒரு கிராம் எண்ணெயில் சுமார் 500 மைக்ரோகிராம். உடம்பு கஞ்சத்தனமாக மாற்றினாலும் 60 மைக்ரோகிராம் வைட்டமின் ஏ தேறும். ஆலையில் அதை வெளுப்பு மண்ணில் போட்டு நிறத்தை உறிஞ்சுகிறார்கள். பிறகு 240 டிகிரிக்கு மேல் நீராவி விட்டு வாசனையை விரட்டுகிறார்கள். கரோட்டின் ஏறக்குறைய முழுவதும் காலி. அப்புறம் செயற்கையாகச் செய்த வைட்டமின் ஏ வாங்கி, கிராமுக்கு 6 முதல் 9.9 மைக்ரோகிராம் கலந்து, உறையில் '+F' முத்திரை குத்துகிறார்கள். அறுபதைப் பிடுங்கி ஆறைப் போட்டவனுக்கு வள்ளல் பட்டம்! கூடவே கொஞ்சம் வைட்டமின் டி, நாளெல்லாம் வெயிலில் காயும் கூலிக்காரிக்கும் சேர்த்து. கேட்டால், "சிவப்பு எண்ணெயை எவனும் வாங்கமாட்டான், வாடை அடிக்கும்" என்பார்கள். உண்மைதான். வெள்ளையாக இருந்தால்தான் சுத்தம் என்று நமக்குச் சொல்லிக்கொடுத்தது யாராம்?

அந்த ஆறு மைக்ரோகிராமாவது யாருக்குப் போகிறது? கணக்குப் போடுங்கள். ரேஷனில் மாதம் ஒரு லிட்டர் பாமாயில், அதாவது சுமார் 910 கிராம். வேறு எண்ணெய் வாங்க வக்கில்லாத நாலு பேர் குடும்பத்தில் ஆளுக்கு நாளொன்றுக்கு ஏழரை கிராம். வைட்டமின் ஏ 45 மைக்ரோகிராம். பெண்ணுக்குப் பரிந்துரை 840. ஏறத்தாழ இருபதில் ஒரு பங்கு! தினம் நாற்பது கிராம் எண்ணெயில் வடையும் பூரியுமாக மிதக்கிற வீட்டுக்கு 240. அங்கே குளிர்பெட்டியில் கேரட்டும் முட்டையும் ஏற்கெனவே இருக்கின்றன. எண்ணெயைக் குடிக்க முடிந்தவனுக்குப் பந்தி, தொட்டுக்கொள்கிறவளுக்குத் துளி. அந்தத் துளியும் சட்டியில் திரும்பத் திரும்பக் காய்ந்தால் குறைந்துகொண்டே போகும்.

அவள் புத்தகத்தில் உள்ளபடி எழுதிவிட்டு வந்தாள்: 'எண்ணெய் எல்லாரும் பயன்படுத்துவது, வைட்டமின் ஏ கொழுப்பில் கரைவது, செலவு குறைவு.' பத்துக்கு ஒன்பது.

மறுநாள் இருவரும் ரேஷன் கடை வழியாக நடந்தோம். வாசலில் அட்டைப்பெட்டி பிரிந்து பாமாயில் பாக்கெட்டுகள் சித்திரை வெயிலில் பளபளத்துக்கொண்டிருந்தன. வெளிச்சம் பட்டால் வைட்டமின் ஏ அழியுமே என்றேன்.

"அது அடுத்த செமஸ்டர், சித்தப்பா."