ஓர் அங்குலமும் வீணாக்காத துறைமுகம்

நிலத்தின் அருமை தெரிந்தவர்கள் உலகில் குறைவு. அந்தக் குறையைத் தீர்த்து வைத்தவர்கள் என்று, 2021-இல் அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சலிஸ், லாங் பீச் இரட்டைத் துறைமுகங்களில் சரக்கு கையாண்ட அத்தனை பேரையும் மனமாரப் பாராட்ட வேண்டும். அப்போது அமெரிக்காவுக்குள் வந்த கன்டெய்னர்களில் ஏறக்குறைய 40 சதவீதம் இந்த ஒரே விரிகுடா வழியாகத்தான் நுழைந்தது. கொரோனாக் காலத்தில் வீட்டில் முடங்கிய மக்கள் நாற்காலியும் உடற்பயிற்சி சைக்கிளுமாக வாங்கிக் குவித்தபோது, வந்த பெட்டிகளுக்கெல்லாம் இவர்கள் யார்டில் இடம் கொடுத்தார்கள். இடம் தீர்ந்தபோதும் கொடுத்தார்கள். மேலே மேலே அடுக்கினால் இடம் எப்படித் தீரும்?

மற்ற துறைமுகங்களில் யார்டு திட்டமிடுபவர்களுக்கு இந்தத் துணிச்சல் கிடையாது. பயந்த சுபாவம். கப்பல் வருவதற்கு முன்பே பட்டியலை வைத்துக்கொண்டு, எந்தப் பெட்டி ரயிலுக்கு, எது லாரிக்கு, எது அடுத்த கப்பலுக்கு என்று பிரிப்பார்கள். ஒவ்வொன்றுக்கும் தனித்தனி இடம் ஒதுக்குவார்கள். இவ்வளவும் செய்துவிட்டு, யார்டில் ஐந்தில் ஒரு பங்கைக் காலியாகவே விட்டு வைப்பார்கள். நிரம்பிய அளவு 80 சதவீதத்தைத் தாண்டினாலே அவர்களுக்குத் தூக்கம் போய்விடும். பொன்னான நிலத்தைச் சும்மா போட்டுவைக்கும் ஊதாரிகள் என்றுதான் பார்ப்பவருக்குத் தோன்றும்.

அந்த ஊதாரித்தனத்துக்கு அவர்கள் சொல்லும் காரணம் ஒன்றுதான். இறக்குமதிப் பெட்டியை எடுக்க எந்த லாரி எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது. பரணில் அண்டாவுக்கு அடியில் மாட்டிக்கொண்ட சொம்பைப் போல, கேட்கும் பெட்டி பெரும்பாலும் அடியில்தான் இருக்கும். மூன்று உயரம் அடுக்கியிருந்தால், கேட்ட பெட்டியின் தலையில் சராசரியாக ஒரு பெட்டி இருக்கும். ஐந்து உயரம் என்றால் சராசரியாக இரண்டு. அதாவது, ஒரு பெட்டியைக் கொடுக்க யார்டு கிரேன் மூன்று முறை தூக்க வேண்டும். அதில் இரண்டு தூக்கலுக்கு யாரும் கூலி தரமாட்டார்கள். தூக்கிய அந்த இரண்டையும் வைக்கப் பக்கத்தில் காலி இடமும் வேண்டும். நம் வீரர்கள் காலி இடமே விடாததால், கிரேனுக்குக் கூடுதல் உடற்பயிற்சி கிடைத்தது. அக்கம்பக்கத்து அடுக்குகளைக் கலைத்து, நாளைக்குத் தேடவேண்டிய பெட்டிகளையும் இன்றே புதைத்து வைத்தார்கள். இவ்வளவு முன்யோசனை எங்கே காண்போம்!

இந்த உழைப்பின் பலன் கடல்வரை பரவியதுதான் இன்னும் அழகு. கரையில் நிற்கும் கிரேன் கப்பலிலிருந்து பெட்டியை இறக்கி, கீழே நிற்கும் யார்டு லாரியில் வைக்கிறது. லாரி யார்டுக்கு ஓடுகிறது. அங்கே கிரேன் வெளியூர் லாரிக்காக அடியில் கிடக்கும் பெட்டியைத் தோண்டிக்கொண்டிருக்கிறது. லாரி வரிசையில் நிற்கிறது. கரை கிரேனுக்குக் கீழே அடுத்த லாரி வரவில்லை. பெட்டியை அந்தரத்தில் பிடித்தபடி கிரேன் ஓட்டுநர் கடல் காற்று வாங்குகிறார். வேலையைப் பகிர்ந்துகொள்வதைப் போலவே ஓய்வையும் பகிர்ந்துகொள்ளும் பண்பு இது.

கணக்குப் போட்டால் இந்தப் பண்பின் ஆழம் தெரியும். ஒரு கப்பலில் ஏற்றி இறக்க 6,000 பெட்டிகள் என்று வைத்துக்கொள்வோம். ஆறு கரை கிரேன்கள், ஒவ்வொன்றும் மணிக்கு 25 பெட்டி. 40 மணி நேரத்தில் வேலை முடியும். கட்டவும் அவிழ்க்கவும் நான்கு மணி சேர்த்தால் 44. ஒரு பெர்த்தில் வாரத்துக்கு மூன்று கப்பல்களைப் பார்த்துவிடலாம். கொஞ்சம் நேரம் மிச்சமும் இருக்கும். யார்டு நெரிசலால் கிரேனின் வேகம் மணிக்கு 15 பெட்டியாகக் குறைந்தால், அதே கப்பலுக்கு 71 மணி நேரம் ஆகும். வாரத்துக்கு இரண்டு கப்பல்தான். மூன்றாவது கப்பல் வாராவாரம் கடலில் சேர்ந்துகொண்டே போகும். பெர்த்தின் நீளம் ஓர் அடிகூடக் குறையவில்லை; கிரேன் ஒன்றுகூடப் பழுதாகவில்லை. கரையில் அடுக்கியே கடலில் வரிசை நிறுத்திய சாமர்த்தியத்துக்கு ஈடு இல்லை. அந்த வரிசையைப் பார்த்து, இன்னும் நான்கு கரை கிரேன் வாங்குங்கள் என்று யோசனை சொன்ன நல்லவர்களுக்கும் நம் வணக்கம். யார்டில் வைக்க இடமில்லாத பெட்டியை இன்னும் சீக்கிரமாக இறக்க வேண்டாமா?

இறக்குமதியாளர்களின் சிக்கனத்தை விட்டுவிட்டால் பாவம் சேரும். தங்கள் கிடங்கு நிரம்பியதும் சரக்கைத் துறைமுகத்திலேயே விட்டுவைத்தார்கள். கடலோரம், காவல் உண்டு, விளக்கு உண்டு. இதைவிட நல்ல கிடங்கு எங்கே கிடைக்கும்? காலிப் பெட்டியைத் திருப்பி வாங்க மறுத்த முனையங்களும் சளைத்தவை அல்ல. லாரிக்காரரிடம் காலிப் பெட்டி நின்றுபோனது. அதற்கு அடியில் அவருடைய சேஸியும் நின்றுபோனது. சேஸி இல்லாததால் சரக்குப் பெட்டியை எடுக்க முடியவில்லை. சரக்குப் பெட்டி போகாததால் காலிக்கு இடமில்லை. வெளியார் உதவி எதுவும் இல்லாமல், தன் வாலைத் தானே பிடித்துக்கொண்ட தன்னிறைவு இது.

அதிகாரத்தில் இருந்தவர்களும் சும்மா இருக்கவில்லை. இரவிலும் வாயிலைத் திறந்து வைப்போம் என்றார்கள். கிடங்குகள் இரவில் பூட்டியிருந்ததால் அதிகம் பேர் வரவில்லை. அதற்கு வாயில் என்ன செய்யும்? அக்டோபர் 2021-இல் அபராதம் அறிவித்தார்கள். லாரியில் போகவேண்டிய பெட்டி ஒன்பது நாளைத் தாண்டினால் முதல் நாள் 100 டாலர். பிறகு நாளுக்கு நூறு நூறாக ஏறும். இந்த அபராதத்தை வாராவாரம் ஒத்திவைத்து, ஒரு டாலர்கூட வசூலிக்காமல் 2023 ஜனவரியில் ரத்து செய்த கருணையை என்னவென்பது! அறிவிப்பு வந்த மாத்திரத்தில் பழைய பெட்டிகள் வேகமாகக் குறைந்தன என்று துறைமுகங்களே பெருமைப்பட்டன. வெறும் சொல்லுக்கு நகர்ந்த பெட்டி ஆறு மாதம் முன்பே நகர்ந்திருக்காதா என்று கேட்பது நாகரிகமில்லை.

எல்லாவற்றுக்கும் சிகரம், 2021 நவம்பரில் வந்த புதிய வரிசை முறை. கப்பல்கள் முந்தைய துறைமுகத்தை விட்டுக் கிளம்பும்போதே வரிசையில் இடம் பிடிக்கலாம். கரையோரம் நெருக்கியடிக்காமல் 150 மைலுக்கு அப்பால் காத்திருக்கலாம். பாதுகாப்புக்கு நல்ல ஏற்பாடுதான். கடற்கரையில் நின்று எண்ணியவர்களுக்குக் கப்பல்கள் மளமளவென்று குறைந்தன. வரிசை மட்டும் வளர்ந்து, 2022 ஜனவரி 9 அன்று 109 கப்பல்களைத் தொட்டது. கண்ணுக்குத் தெரிந்த நோயை இவ்வளவு சீக்கிரம் குணப்படுத்திய வைத்தியம் வேறு இல்லை.

2022 கடைசியில் அந்த வரிசை ஒருவழியாகத் தீர்ந்தது. வாங்குவோர் குறைந்து, பல சரக்குகள் வேறு துறைமுகங்களுக்குப் போனதும் யார்டில் காலி இடம் தானாக வந்துவிட்டது. ஆகவே பாராட்டு மாலைகளை நிரப்பி அடுக்கியவர்களுக்கே போடுவோம். ஐந்தில் ஒரு பங்கைக் காலியாக வைத்து, கப்பலை நேரத்துக்கு அனுப்பிவிடும் அந்தப் பயந்தாங்கொள்ளிகளுக்கு மாலை எதற்கு? அவர்கள் துறைமுகத்தைப் பற்றிப் பத்திரிகையில் எழுத ஒரு வரி செய்திகூட இதுவரை கிடைத்ததில்லையே.