1,200 பேருக்கு வேலை

சிமெண்ட் ஆலை விரிவாக்கம் பற்றிய ஆங்கிலக் குறிப்பு எப்படி இருக்கும் என்பது எனக்கு மனப்பாடம். முதல் வரியில் நிறுவனம் நாட்டின் முன்னணி நிறுவனங்களில் ஒன்றாக இருக்கும். இரண்டாம் வரியில் முதலீடு. மூன்றாம் வரியில் நிர்வாக இயக்குநர் மகிழ்ச்சி அடைவார். ஆலை எந்த ஊரில் இருக்கிறது என்பது நாலாம் பத்தியில் வரும், அதுவும் பல சமயம் ‘தமிழ்நாடு’ என்பதோடு நின்றுவிடும். இந்தக் குறிப்பை உள்ளூர்ப் பத்திரிகைகளுக்கு ஏற்ற மாதிரி தமிழில் எழுதிக் கொடுப்பது என் பிழைப்பு. திருச்சியில் இருந்துகொண்டு அரியலூர் பக்கத்துச் சுண்ணாம்புக்கல் ஆலைகளுக்காக இதை ஆரம்பித்த நாளில் குறிப்பு ஃபேக்ஸில் வந்தது. இப்போது வாட்ஸ்அப்பில் வருகிறது. நிர்வாக இயக்குநரின் மகிழ்ச்சி கூடவும் இல்லை, குறையவும் இல்லை.

ஃபேக்ஸ் காலத்தில் தாளின் ஒரு பக்கம் மட்டும், வரிக்கு வரி தாராளமாக இடம் விட்டு எழுதுவேன். உதவி ஆசிரியர் அடித்து எழுத அந்த இடம் வேண்டும். டிடிபி கடையில் கொடுத்து அடித்து, ஜெராக்ஸ் எடுத்து, ஆலையின் கறுப்பு வெள்ளைப் படம் ஒன்றின் பின்னால் படக்குறிப்பை ஒட்டி, கவரில் போட்டு ஒவ்வொரு பத்திரிகை அலுவலகமாக ஏறி இறங்குவேன். வெளியூர்ப் பதிப்புகளுக்கான கவர்கள் பஸ்ஸில் போகும். கண்டக்டருக்கு டீக்காசு.

இத்தனையும் செய்து கொடுத்ததை எவரும் அப்படியே போட்டதில்லை. மறுநாள் பத்திரிகையில் ஒற்றைப் பத்தியில் எட்டு வரி வரும், அந்த எட்டில் ஒன்றுகூட என் வரியாக இருக்காது. ‘முன்னணி’ போயிருக்கும். மகிழ்ச்சி போயிருக்கும். நிறுவனத்தின் வரலாறு கடைசிப் பத்தியில்தான் இருக்கும், பக்கத்தில் இடம் குறைந்தால் அடியிலிருந்துதான் வெட்டுவார்கள் என்பதால் அது எடுத்ததுமே போயிருக்கும். ஊர்ப் பெயர் மட்டும் முதல் வரிக்கு ஏறி உட்கார்ந்திருக்கும், ஊராட்சியின் பெயரோடு.

அதற்கு முந்தின சாயங்காலம் போன் வந்திருக்கும். ஒரு பத்திரிகையில் ஒரு மூத்த உதவி ஆசிரியர் இருந்தார். வணக்கம் கிணக்கம் எல்லாம் அவரிடம் கிடையாது.

“தம்பி, 600 பேருக்கு வேலைன்னு போட்டிருக்கீங்களே, யாரு யாரு?”

“நேரடியாகவும் மறைமுகமாகவும் சார்.”

“அது தெரியுதுய்யா. ஆலைக்குள்ள சம்பளப் பட்டியல்ல எத்தனை பேரு? காண்ட்ராக்ட் எத்தனை? லாரி டிரைவரையும் டீக்கடைக்காரனையும் சேர்த்துத்தானே அறுநூறு?”

நான் ஆலைக்குப் போன் போட வேண்டும். ஆலையில் பணியாளர் அதிகாரி பம்பாய்க்குப் போன் போட வேண்டும். பதில் வராது. மறுநாள் செய்தியில் வேலைக்கணக்கே இருக்காது. தெரியாததைப் போட மாட்டேன் என்பார் அந்த மனிதர். பம்பாயிலிருந்து எனக்குத் திட்டு வரும்: இவ்வளவு பெரிய விரிவாக்கத்துக்கு எட்டு வரிதானா, உங்களுக்குப் பத்திரிகைக்காரர்களோடு பழக்கமே இல்லையா?

இடையில் கணினி வந்து கொஞ்ச காலம் ஒரு கூத்து நடந்தது. ஒவ்வொரு பத்திரிகையும் ஒவ்வொரு எழுத்துரு வைத்திருந்ததால், நான் அனுப்பியது அங்கே திறக்கும்போது தலையில் கொம்பு முளைத்த ஐரோப்பிய எழுத்துகளாகத் தெரியும். எழுத்துருவையும் கூடவே சிடியில் போட்டு அனுப்புவோம். அவர்கள் சலித்துப் போய் அங்கேயே மறுபடி அடித்துக்கொள்வார்கள். மறுபடி அடிக்கிறவர் ஒரு தடவையாவது வாசிப்பார் என்பதை அன்று நான் ஒரு வசதியாக நினைக்கவில்லை.

யூனிகோடு வந்து அந்தக் கஷ்டம் தீர்ந்தது. இப்போது என் வரிகள் ஒன்று விடாமல் அச்சாகின்றன. நிர்வாக இயக்குநர் எல்லா மாவட்டப் பதிப்பிலும் மகிழ்ச்சி அடைகிறார். எதிர்கால எதிர்பார்ப்புகள் மாறக்கூடும், நிறுவனம் பொறுப்பல்ல என்று முதலீட்டாளர்களுக்காக அடியில் போடும் சட்ட எச்சரிக்கையைக்கூட ஒரு பத்திரிகை செய்தியின் கடைசிப் பத்தியாகப் போட்டிருந்தது. அதைப் படித்த ஜெயங்கொண்டம் விவசாயி என்ன நினைத்திருப்பாரோ. மேசையில் ஆள் குறைவு, பக்கம் அதிகம், நேரம் இல்லை. அவர்களைக் குறை சொல்லி என்ன செய்ய?

சமீபத்தில் செய்த ஒரு வேலையைச் சொல்கிறேன். ஆலையின் பெயர் வேண்டாம். ஆண்டு உற்பத்தித் திறனை 1.6-லிருந்து 2.6 எம்டிபிஏ ஆக உயர்த்துகிறார்கள் என்றது ஆங்கிலக் குறிப்பு. எம் என்பது மில்லியன், ஆக 16 லட்சம் டன் 26 லட்சம் ஆகிறது. தலைமையகம் அவசரத்துக்கு வேறொரு இடத்திலும் தமிழாக்கம் வாங்கியிருந்தது. அவர்கள் அந்த எம்மை மெட்ரிக் என்று எடுத்துக்கொண்டார்கள். ‘ஆண்டுக்கு 2.6 மெட்ரிக் டன்’ என்று வந்திருந்தது. டன்னுக்கு 50 கிலோ மூட்டை இருபது என்று போட்டுப் பாருங்கள், வருஷத்துக்கு 52 மூட்டை. நூற்றுக்கணக்கான கோடி செலவழித்து ஒரு திண்ணை பூசுவதற்கான சிமெண்ட். என் பிரதியில் சரியாக இருந்தது. ஆனால் மற்றப் பிரதியும் ஏற்கெனவே நிருபர்கள் குழுவில் போயிருந்ததால் அதுவும் ஓர் இடத்தில் அச்சேறியது. ஒருவரும் போன் செய்யவில்லை. ஆலைக்காரர்களும் கண்டுகொள்ளவில்லை, படம் நான்கு பத்தி அகலத்துக்கு வந்திருந்தது.

என்னை உறுத்தியது அது அல்ல, வேலைக்கணக்கு. ‘நேரடியாகவும் மறைமுகமாகவும் 1,200 பேருக்கு வேலைவாய்ப்பு’ என்றிருந்தது. சிமெண்ட் ஆலைக்குள் போனவர்களுக்குத் தெரியும், கல்லை அரைப்பதிலிருந்து சூளையில் கிளிங்கர் ஆவது வரை எல்லாவற்றையும் ஒரு கட்டுப்பாட்டு அறையில் சிலபேர் திரையைப் பார்த்து ஓட்டிவிடுகிறார்கள். பத்து லட்சம் டன் கூடினால் ஆள் அந்த வீதத்தில் கூடாது.

பழைய உதவி ஆசிரியர் இருந்தால் போன் செய்திருப்பார். அவர் இல்லாததால் நானே தேடினேன். இதற்கு இன்று ஒரு வழி இருக்கிறது, அன்று அவருக்கு இவ்வளவு கைக்கெட்டும் தூரத்தில் இல்லை. 2006-ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையின்படி, இந்த அளவு சிமெண்ட் ஆலை விரிவாக்கத்துக்குப் பொதுமக்கள் கருத்துக்கேட்புக் கூட்டம் நடத்த வேண்டும். குறைந்தது 30 நாள் முன்னதாக ஓர் ஆங்கில நாளேட்டிலும் ஒரு தமிழ் நாளேட்டிலும் விளம்பரம் கொடுப்பார்கள். திட்டச் சுருக்கத்தைத் தமிழிலும் தர வேண்டும். அது கலெக்டர் ஆபீஸிலும் கிடைக்கும், மாசு கட்டுப்பாட்டு வாரியத்தின் இணையதளத்திலும் இருக்கும். முதலீட்டாளருக்குச் சொல்வதில் ஓரளவு ஊதலாம். அனுமதி கொடுக்கிறவரிடம் கொடுக்கும் தாளில் ஊதினால் நாளைக்கு அதுவே நிபந்தனையாகத் திரும்பி வரும். அதனால் நிஜக்கணக்கு பெரும்பாலும் அங்கேதான் கிடைக்கும்.

இந்த ஆலையின் சுருக்கத்தில் கடைசிப் பக்கத்துக்கு முந்தின பக்கத்தில் இருந்தது. ஆலை ஓடத் தொடங்கிய பின் நிரந்தரப் பணியாளர் 110, ஒப்பந்தத் தொழிலாளர் 190. கட்டுமானக் காலத்தில் உச்சபட்சமாக 900. மூன்றையும் கூட்டினால் 1,200. அந்த 900 பேர் சூளையும் கோபுரமும் எழுப்பிவிட்டு ரயிலேறிப் போய்விடுவார்கள், பெரும்பாலும் ஒடிசாவுக்கும் பீகாருக்கும். லாரியும் டீக்கடையும் இந்தக் கணக்கில் இல்லவே இல்லை. அந்த விதத்தில் இவர்கள் பழைய ஆட்களைவிட யோக்கியர்கள்.

நான் தமிழ்ப் பிரதியில் இப்படி எழுதினேன்: ‘கட்டுமானப் பணிகளின்போது 900 பேர் வரையிலும், உற்பத்தி தொடங்கிய பின் 300 பேரும் பணியாற்றுவர்.’ முதல் பத்தியில் ஒன்றியத்தின் பெயர், இரண்டாம் பத்தியில் இந்தக் கணக்கு, அதற்கடுத்து எப்போது ஓடும் என்பது. தண்ணீர் எங்கிருந்து எடுப்பார்கள் என்பதற்கும் ஒரு வரி வைத்தேன். சுரங்கக் குழியில் தேங்கும் மழைநீரை எடுப்பதாகச் சுருக்கத்தில் இருந்தது. அந்தப் பக்கத்தில் கிணறு வைத்திருப்பவர் முதலில் தேடுவது அதைத்தான். முதலீட்டுத் தொகை நாலாவதாக வந்தது. மகிழ்ச்சியை அடியில், வெட்ட வசதியாக வைத்தேன்.

ஒப்புதலுக்கு அனுப்பிய பிரதி அரை மணியில் திரும்பி வந்தது. தண்ணீர் வரி போயிருந்தது. மகிழ்ச்சி மேலே ஏறியிருந்தது. 900-மும் 300-ம் மறுபடி கூடி 1,200 ஆகியிருந்தன. தொலைபேசியில் பேசிய இளம்பெண் மரியாதையாகத்தான் பேசினார். “சார், பங்குச் சந்தைக்குக் கொடுத்ததுக்குப் பிறகு வேற நம்பர் வெளியே போகக் கூடாது சார்.” எடுத்துப் பார்த்தேன். பங்குச் சந்தைக்குக் கொடுத்த தகவலில் இப்போதைய திறன் இருந்தது, அதில் எவ்வளவு பயன்படுகிறது என்பது இருந்தது, கூடப்போகும் திறன், முதலீடு, பணத்துக்கு வழி, காலக்கெடு எல்லாம் இருந்தன. வேலைவாய்ப்பு என்று ஒரு சொல் இல்லை. செபி அதைக் கேட்பதில்லை. சொன்னேன். “ஓகே சார், ஆனா இது அப்ரூவ் ஆயிடுச்சு” என்றார்.

மறுநாள் எல்லாப் பதிப்பிலும் முழுசாக வந்தது. தலைப்பை மட்டும் பத்திரிகைகள் தாங்களே போட்டுக்கொண்டன: ‘சிமெண்ட் ஆலை விரிவாக்கம்: 1,200 பேருக்கு வேலை.’ ‘நேரடியாகவும் மறைமுகமாகவும்’ என்பதைத் தலைப்பில் எவர் போடுவார்? மும்பையில் படிக்கும்போது அது நிறுவனத்தின் நல்லெண்ணம். செந்துறையிலும் ஆண்டிமடத்திலும் படிக்கும்போது அது ஆள் எடுக்கும் அறிவிப்பு.

அதற்கடுத்த திங்கட்கிழமை நான் ஆலைக்கு வேறு வேலையாகப் போயிருந்தேன். வாசலிலிருந்து மெயின் ரோடு வரை பையன்கள். ஐடிஐ முடித்தவர்கள், டிப்ளமோ முடித்தவர்கள், கிளியர் கவரில் மதிப்பெண் பட்டியலோடு. நிலம் கொடுத்த குடும்பத்துக்காரர் ஒருவர் மகனைக் கூட்டிக்கொண்டு பத்திரிகைத் துண்டைக் கையில் பிடித்தபடி செக்யூரிட்டியிடம், “பேப்பர்லயே போட்டிருக்கான், நீ இல்லைங்குற” என்று சத்தம் போட்டுக்கொண்டிருந்தார். செக்யூரிட்டிக்கு ஒன்றும் தெரியாது. ஆள் எடுக்க இன்னும் இரண்டு வருஷம் இருக்கிறது, இயந்திரத்துக்கு ஆர்டரே போகவில்லை. கடைசியில் பணியாளர் அதிகாரி வெளியே வந்து, பயோடேட்டாவை ஒரு அட்டைப் பெட்டியில் போட்டுவிட்டுப் போகச் சொன்னார். மத்தியானத்துக்குள் பெட்டி நிரம்பி, இன்னொன்று கொண்டுவந்தார்கள்.

அன்று மாலையே வாசல் கூட்டத்தைப் படம் பிடித்து ஆலையிலிருந்து மும்பைக்கு அனுப்பியிருக்கிறார்கள். வாரக் கடைசியில் எனக்கு அடுத்த குறிப்பு வந்தது, பூமி பூஜைக்கானது. விரிவாக்கத் திட்டத்துக்கு உள்ளூர் மக்களிடம் அமோக வரவேற்பு என்று இரண்டாம் பத்தியில் இருந்தது. அதற்கு ஆதாரமாக அந்தப் படத்தையும் இணைத்திருந்தார்கள்.