போயா பார்க்காத திருடர்

போயா தினத்தில் திகனவின் வங்கிக் கிளைகள் மூடியிருக்கும். அட்டைத் திருடருக்கு அந்த விடுமுறை கிடையாது. அதிகாலை இரண்டரைக்கு, எங்கோ ஒரு வெளிநாட்டுக் கடையில் ஒரு டொலர் செலவானதாகக் குறுஞ்செய்தி வருகிறது. ஒரு டொலர்தானே என்று திரும்பிப் படுப்பவர் பெருந்தன்மையானவர். அட்டைக்கு உயிர் இருக்கிறதா என்று நாடி பிடித்துப் பார்த்த தொகை அது. பெரிய தொகை விடியுமுன் போய்விடலாம்.

உடனே அட்டையின் பின்புறமுள்ள இலக்கத்துக்கு அழைத்தால், நீண்ட இசைக்குப் பின் ஒரு குரல்: "அட்டையை முடக்கிட்டோம் சேர், கவலைப்படாதீங்க."

முடக்குவது இனிப் போகவிருக்கும் காசைத்தான் காக்கும். போன காசு திரும்ப, "இந்தக் கொடுக்கல்வாங்கலை நான் செய்யவில்லை" என்று தனியாக முறையிட வேண்டும். "அது இன்னும் நிலுவையில் இருக்கு சேர், கணக்கில் ஏறினதும் சொல்லுங்க" என்பார்கள். காசைத் திருப்பும் வேலை அதுவரை காத்திருக்கலாம், முறைப்பாட்டை அப்போதே பதியச் சொல்ல வேண்டும். முறைப்பாட்டு இலக்கமும் முடக்கிய நேரமும் மின்னஞ்சலில் வரவேண்டும். இல்லாவிட்டால் மறுவாரம் கிளையில், "நீங்க யாரோட கதைச்சீங்க?" என்பார்கள். மத்திய வங்கியின் நிதியியல் நுகர்வோர் தொடர்புகள் திணைக்களத்துக்குப் போனாலும், முதலில் வங்கிக்கு எழுதினீர்களா என்றுதான் கேட்பார்கள்.

முறைப்பாட்டுப் படிவத்தில் ஒரு கேள்வி: "அச்சமயம் அட்டை உங்களிடம் இருந்ததா?" ஆம் என்று எழுதினால் அதிகாரி கண்ணாடிக்கு மேலால் பார்ப்பார். அட்டை பணப்பையில்தான் இருந்தது. களவு போனது அதன் இலக்கம்.