12-ஐவிட 8 பெரிது!

கேள்வி: சட்டசபையில் விரல்விட்டு எண்ணுகிற அளவுக்கு ஆள் வைத்துக்கொண்டு சின்னக் கட்சிகள் ஆட்சியையே ஆட்டி வைக்கின்றனவே! அந்தப் பலம் எங்கிருந்து வருகிறது? (தக்கலை வாசகர்)

பதில்: அடுத்தவருக்கு எத்தனை பேர் குறைகிறார்களோ, அங்கிருந்து வருகிறது. நம்ம குமரி மாவட்டமே இதற்குச் சாட்சி, அன்று அது திருவிதாங்கூர்-கொச்சியில் இருந்தது. 1952 தேர்தலில் திருவிதாங்கூர்-கொச்சி சட்டசபையின் 108 இடங்களில் காங்கிரஸுக்குக் கிடைத்தது 44. பெரும்பான்மைக்கு வேண்டியது 55. நேசமணி முன்னின்று நடத்திய திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரஸிடம் இருந்தது 8. அந்த 8 பேரையும் சில சுயேச்சைகளையும் சேர்த்துத்தான் ஏ.ஜே. ஜான் முதலமைச்சர் ஆனார். 1953 செப்டம்பரில் தமிழர் கட்சி கையை எடுத்தது, அமைச்சரவை கவிழ்ந்தது.

கேள்வி: 1954 தேர்தலில் அதே கட்சிக்கு 12 இடம் கிடைத்ததே! பலம் கூடியிருக்க வேண்டுமே? (நாகர்கோவில் வாசகர்)

பதில்: இடம் கூடியது, பலம் குறைந்தது. இந்தச் சட்டசபையில் 117 இடங்கள். பெரும்பான்மைக்கு 59 வேண்டும். காங்கிரஸ் 45, கம்யூனிஸ்ட் 23, பிரஜா சோஷலிஸ்ட் 19, தமிழர் கட்சி 12, ஆர்.எஸ்.பி. 9, மற்றவர்கள் 9. காங்கிரஸும் தமிழர் கட்சியும் சேர்ந்தால் 57. இன்னும் இரண்டே பேர் போதும். இடதுசாரிகளும் சோஷலிஸ்டுகளும் சேர்ந்தால் 51. மற்ற 9 பேரில் 8 பேர் வராவிட்டால் அவர்களுக்கும் தமிழர் கட்சி தேவைப்படும். பார்த்தால் ‘எல்லோரும் நம் வாசலுக்குத்தான் வந்தாக வேண்டும்’ என்று தோன்றும்.

ஆனால் கம்யூனிஸ்ட்டுகள் ஆட்சிக்கு வந்துவிடக் கூடாது என்று காங்கிரஸ் வேறு கணக்குப் போட்டது. 19 பேரே வைத்திருந்த பட்டம் தாணுப்பிள்ளையை முதலமைச்சராக்கி, வெளியில் இருந்து ஆதரவு கொடுத்தது. 45-உம் 19-உம் 64. அந்தக் கூட்டலில் 12-க்கு வேலையே இல்லை. பெரியவர்கள் இரண்டு பேர் கைகோத்தால் நடுவில் நிற்பவனுக்கு மரியாதை போய்விடும். அதே ஆண்டு ஆகஸ்ட் 11-ஆம் தேதி மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும், தமிழ்நாட்டோடு சேரக் கோரிய தமிழர் போராட்டத்தின்மீது துப்பாக்கிச் சூடு நடந்து உயிர்கள் போயின. சபையில் 12 பேர் இருந்தும் அதைத் தடுக்க முடியவில்லை. எனக்கு இன்றும் ஆறாத கணக்கு அது.

கேள்வி: பிறகு அந்தப் பலம் எப்படித் திரும்பியது? (குழித்துறை வாசகர்)

பதில்: தமிழர் கட்சிக்கு ஒரு இடம்கூடக் கூடவில்லை, எதிரே இருந்த இருவர் பிரிந்தார்கள், அவ்வளவுதான். 1955 பிப்ரவரியில் காங்கிரஸ் ஆதரவை விலக்க, பட்டம் அரசு நம்பிக்கையில்லாத் தீர்மானத்தில் தோற்றது. தமிழர் கட்சி ஆதரவோடு பனம்பிள்ளி கோவிந்த மேனன் முதலமைச்சர் ஆனார். ஓராண்டு முன்பு யாருக்கும் வேண்டாத அதே 12, இப்போது அரசின் உயிர்நாடி.

கேள்வி: அப்படியென்றால் குமரி தமிழ்நாட்டோடு சேர்ந்தது இந்தப் பேரத்தால்தானா? (தோவாளை வாசகர்)

பதில்: இல்லை. அமைச்சரவையைக் கவிழ்க்க 12 பேரால் முடியும். மாநில எல்லையை மாற்றுவது அந்தச் சபையின் அதிகாரத்தில் இல்லை. அது டெல்லியின் கையில் இருந்தது. மாநில மறுசீரமைப்பு ஆணையம் 1955-இல் அறிக்கை கொடுத்தது, பாராளுமன்றம் சட்டம் செய்தது, 1956 நவம்பர் 1-ஆம் தேதி தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு நான்கு தாலுகாக்களும் குமரி மாவட்டமாயின. செங்கோட்டையில் ஒரு பகுதியும் கிடைத்தது. தேவிகுளமும் பீர்மேடும் கிடைக்கவில்லை. கேட்டதைக் கொடுக்க எதிரில் இருப்பவருக்கு அதிகாரம் உண்டா என்று பார்த்துத்தான் பேரத்தில் உட்கார வேண்டும். தெருவில் நடந்த போராட்டமும் ஆணையத்தின் முன் வைத்த வாதமும் இல்லாமல், சபைக் கணக்கு மட்டும் இந்த மண்ணை வாங்கித் தந்திருக்காது.

கேள்வி: எங்கள் ஊர்ச் சங்கக் கமிட்டியில் 11 பேர். ஒரு அணிக்கு 5, இன்னொன்றுக்கு 4, எங்களுக்கு 2. எங்களை யார் மதிப்பார்கள்? (கருங்கல் வாசகர்)

பதில்: தாராளமாக மதிப்பார்கள்! ஜெயிக்க 6 ஓட்டு வேண்டும். எந்த இரண்டு அணி சேர்ந்தாலும் 6 வந்துவிடுகிறது. எந்த அணியாலும் தனியாக முடியவில்லை. ஆகவே 5-க்கும் 4-க்கும் 2-க்கும் ஒரே பலம்தான். ஆனால் 5-உம் 4-உம் கைகுலுக்கிவிட்டால் நீங்கள் வெறும் பார்வையாளர். அதனால் இரண்டு பேருக்கும் பேச்சுவார்த்தைக் கதவைத் திறந்து வையுங்கள். இரண்டு பேரையும் ஒரே நேரத்தில் பகைக்காதீர்கள். அவர்கள் உங்களை வெறுத்தே ஒன்றாகிவிடும் அளவுக்கு விலையை ஏற்றாதீர்கள். கமிட்டியால் தர முடிந்த ஒன்றை மட்டும் கேளுங்கள். ஓட்டுப் போடும் முன்பே அதை எழுதி வாங்குங்கள். ஓட்டு விழுந்தபிறகு உங்கள் 2 வெறும் 2-தான்.