கூட்டம் எத்தனை மணிக்கு, சார்?

எங்கள் குடியிருப்போர் சங்கச் செயலாளர் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர். மின்னஞ்சலில் தலைப்புக்கென்று தனிக் கட்டம் இருக்கிறது. அவர் அதற்குள்ளும் 'பொருள்:' என்று போட்டுத்தான் தொடங்குவார். அவர் அனுப்பிய கூட்ட அழைப்பு என் போனின் பூட்டிய திரையில் இப்படி வந்து விழுந்தது: "பொருள்: நமது குடியிருப்போர் நலச்…" அதன் கீழே, "மதிப்பிற்குரிய உறுப்பினர் பெருமக்களுக்கு வணக்கம். கோடை வெயில் வாட்டி…" கூட்டம் என்றைக்கு, எத்தனை மணிக்கு என்பது நான்காவது பத்தியில் இருந்தது. அந்தப் பத்தி வரை போனவர் அதை எழுதியவர் ஒருவர்தான்.

போன் இரக்கமில்லாதது. நிமிர்த்திப் பிடித்தால், ஆங்கிலத் தலைப்பில் முப்பது நாற்பது எழுத்து தெரியும். தமிழ் எழுத்து அகலமானது. இருபத்தைந்து தேறினால் அதிர்ஷ்டம். மீதிக்கு மூன்று புள்ளி. கீழே பெரும்பாலும் காட்டுவது கடிதத்தின் சாரம் அல்ல, உள்ளே முதலில் என்ன இருக்கிறதோ அது. நலம் விசாரித்தால் நலம் தெரியும், "இணைப்பைக் காண்க" என்றால் அது மட்டும் தெரியும். அழைப்பிதழை ரோஜாப்பூப் படத்தோடு பி.டி.எஃப். ஆக்கி அனுப்புகிறவர்கள் கவனிக்க: ரோஜாவும் தெரியாது, மணியும் தெரியாது.

தண்ணீர்த் தொட்டி விவகாரம் முற்றியபோது அழைப்பு எழுதும் வேலை என் தலையில் விழுந்தது. தலைப்பை இப்படி வைத்தேன்:

"ஞாயிறு 15 காலை 10: தண்ணீர்த் தொட்டி"

கிழமை, தேதி, மணி மூன்றும் முன்னால். வால் வெட்டுப்பட்டாலும் தொட்டிதான் போகும். அது ஏற்கெனவே ஒழுகிக்கொண்டுதான் இருக்கிறது. 'நாளை' என்று எழுதக் கூடாது. சனிக்கிழமை இரவு அனுப்பியதை ஞாயிறு காலை பார்ப்பவருக்கு நாளை என்பது திங்கள்.

உள்ளே முதல் வரி: "ஞாயிறு 15 ஜூன் காலை 10–10.45, மொட்டை மாடி. முடியாதென்றால் அன்றே மாலை 6. கா அல்லது மா என்று பதில் போதும்." தலைப்பில் சொன்னதையே ஏன் மறுபடி சொல்ல வேண்டும்? சில போன்களில் தலைப்பு வெட்டுப்படும், சிலவற்றில் உள்வரி வெட்டுப்படும். இரண்டு இடத்திலும் மணி இருந்தால் ஒன்றாவது பிழைக்கும். மூன்றாம் மாடிக்காரர் சிங்கப்பூரில் இருக்கிறார், நமக்கு இரண்டரை மணி நேரம் முன்னால். அவருக்குத் தனியாக, "காலை 10, சிங்கப்பூர் 12.30" என்று தொடங்கி ஒரு மடல். அதை எல்லோருக்கும் போட்டால் பாதிப் பேர் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு வருவார்கள்.

செயலாளர் படித்துப் பார்த்து முகம் சுளித்தார். "தம்பி, எடுத்த எடுப்பிலேயே மணியைச் சொன்னா, வட்டி வசூலிக்க வந்தவன் மாதிரி இருக்காதா? வணக்கம் எங்கே?"

"இரண்டாவது வரியில் இருக்கு, சார்."

"வணக்கம் இரண்டாவதா?"

அதை அவர் இன்னும் மன்னிக்கவில்லை.

இதைவிடப் பெரிய வம்பு, நேரம் மாறும்போது வருகிறது. அவருடைய வழக்கம், பழைய மடலைத் திறந்து பதில் போடுவது. போன தீபாவளி இனிப்பு வசூல் மடலுக்குப் பதில் போட்டு அனுப்பிய கூட்ட அறிவிப்பு "Re: Re: இனிப்பு" என்று போனில் நின்றது. நன்கொடை கேட்கிறார்கள் என்று பயந்து யாரும் திறக்கவில்லை. தலைப்பில் மணி இருந்தாலோ ஆபத்து இன்னும் அதிகம். உள்ளே மாலை 6 என்று மாற்றியிருப்பார், மேலே காலை 10 என்றே மின்னும். நேரம் மாறினால் புது மடல்தான்: "மாலை 6க்கு மாற்றம்: ஞாயிறு 15". ஜிமெயிலில் தலைப்பு மாறினால் பழைய உரையாடலிலிருந்து அறுந்து தனியாக நிற்கும். நிற்கட்டும், நமக்கு வேண்டியதும் அதுதான்.

கூகுள் நாள்காட்டி அழைப்பு பார்த்துக்கொள்ளும் என்று நம்புகிறவர்களும் உண்டு. அது தானே தயாரிக்கும் தலைப்பில் "Invitation:" முதலில், நிகழ்ச்சியின் பெயர் அடுத்து, அதற்குப் பிறகுதான் "@" போட்டு நாளும் மணியும். பெயரை 'நலச்சங்கச் செயற்குழு அவசரக் கூட்டம்' என்று வைத்தால் மணி திரைக்கு வெளியே போய்விடும். 'தொட்டி' என்று வையுங்கள்.

இவ்வளவு செய்தும் இரண்டாம் மாடி மாமிக்குத் தெரியவில்லை. பூட்டிய திரையில் எதையும் காட்டாதே என்று அவர் போனுக்கு ஆணை போட்டு வைத்திருக்கிறார். அவர் வீட்டுக் கதவைத்தான் தட்ட வேண்டும்.

மற்றவர்களுக்கு அழைப்பு எழுதப்போகும் செயலாளர்களுக்கு ஒரு விண்ணப்பம்: அனுப்புமுன் உங்களுக்கே ஒன்று அனுப்பி, போனைப் பூட்டி, தொடாமல் பாருங்கள். மணி தெரிந்தால் ஊருக்கு அனுப்புங்கள். தெரியாவிட்டால் வெயிலை வெட்டுங்கள்.