மணி அடிக்கப் பத்து நிமிஷம்!

கே: பத்தாம் வகுப்புக் கணக்குப் பரீட்சையில் கடைசிப் பத்து நிமிடத்தில் எதை முதலில் சரிபார்ப்பது? (மாணவி, நாகலூர்)

ப: முதல் பக்கத்தைத் தவிர எதை வேண்டுமானாலும்! 28, 42 இரண்டும் கட்டாய வினாக்கள். சாய்ஸ் மயக்கத்தில் 42-ஐ விட்டிருந்தால் ஐந்து மதிப்பெண் முழுசாகப் போச்சு. வேறொன்றைக் கூடுதலாக எழுதியிருந்தாலும் ஈடாகாது. ஆகவே அந்த இரண்டு எண்களையும் விடைத்தாளில் தேடு. வரைபடத்தில் அளவுத்திட்டம் எழுதியாச்சா, தாளைக் கட்டியாச்சா, பார். அப்புறம் 14 ஒரு மதிப்பெண் வினாக்கள். அங்கே 'ஸ்டெப் மார்க்' கருணை கிடையாது. 'ஆ' என்று போட்டு 'இ'-யின் விடையை எழுதியிருப்பாய், கவனி. மிச்ச நேரம்தான் பெரிய கணக்குகளுக்கு.

கே: மறுபடி போட்டுப் பார்க்க நேரமே இல்லையே? (மாணவன், வெள்ளக்கடை)

ப: மறுபடி போடவே போடாதே. அதே கை அதே தப்பைத்தான் செய்யும். விடையைக் கேள்விக்குள் திருப்பிப் போடு. சேலம்–ஏற்காடு 30 கி.மீ. என்று வைத்துக்கொள். இறங்கும் பஸ் ஏறுவதைவிட மணிக்கு 10 கி.மீ. வேகம், அரை மணி முன்னதாகச் சேர்கிறது. ஏறும் வேகம் என்ன? x² + 10x − 600 = 0 வரை சரியாக வந்துவிட்டு, காரணிப்படுத்தும்போது குறி மாறி 30 என்று எழுதிவிட்டாய். ஏற ஒரு மணி நேரம். இறங்குவது 40 வேகத்தில், 45 நிமிடம். வித்தியாசம் கால் மணிதான்; மாட்டிக்கொண்டாய்! 20 என்று வை: ஒன்றரை மணி, ஒரு மணி, அரை மணி வித்தியாசம். அரை நிமிட வேலை. ஆனால் உன் சமன்பாட்டில் போட்டுப் பார்க்காதே. சமன்பாடே தப்பென்றால் தப்பு விடையும் அதில் அழகாகப் பொருந்தும்.

கே: எந்தக் கணக்கில் சந்தேகம் வந்தது என்பதே அப்போது மறந்துவிடுகிறது. (மாணவி, மஞ்சக்குட்டை)

ப: சந்தேகம் வந்த கணமே வினா எண்ணை மட்டும் ரஃப் வொர்க் இடத்தில் குறித்து வை. நாலைந்துக்கு மேல் சேர்ந்தால், அது பட்டியலல்ல, பயம்!

கே: முதலில் தோன்றிய விடையை மாற்றக் கூடாது என்கிறாரே டியூஷன் சார்? (மாணவன், ஏற்காடு)

ப: 2005-இல் வெளியான ஆய்வொன்றில், இல்லினாய் பல்கலைக்கழக மாணவர்கள் 1,500-க்கும் மேற்பட்டோரின் தாள்களில் அழித்த தடங்களை எண்ணினார்கள். மாற்றியவற்றில் 51 சதவீதம் தப்பிலிருந்து சரிக்குப் போனவை. சரியிலிருந்து தப்புக்குப் போனவை 25 சதவீதம். மாற்றிக் கெட்டதுதான் வருஷக்கணக்காக நினைவில் குத்தும், சாருக்கும் குத்தியிருக்கலாம். ஆனாலும், ஏன் மாற்றுகிறாய் என்று காரணம் சொல்ல முடிந்தால் மட்டும் மாற்று.

கே: கடைசி நேரத்தில் எதைத் தொடவே கூடாது? (ஒரு தாய், செம்மநத்தம்)

ப: வடிவியல் படத்தில் ரப்பரை. ஆரம் 3 செ.மீ., புள்ளி மையத்திலிருந்து 5 செ.மீ. என்றால் தொடுகோடு 4 செ.மீ. வர வேண்டும். ஸ்கேல் வைத்து அளக்கச் சொல்லுங்கள். 3.9 இருந்தால் விட்டுவிடலாம். 3 இருந்தால், ஐந்து நிமிடமாவது மிச்சமிருக்கிறதா என்று கடிகாரத்தைப் பார்த்துவிட்டுத்தான் காம்பஸை எடுக்க வேண்டும்.