மிஸ்ர ஜாதி ஜம்பத்துக்கு எத்தனை அட்சரம்?

க.பொ.த. சாதாரண தரத்தில் கர்நாடக சங்கீதத்தைப் பாடமாகத் தெரிவு செய்த பிள்ளைகளுக்கு எழுத்துப் பரீட்சையோடு செய்முறைப் பரீட்சையும் உண்டு. அதில் பாடி முடித்த கையோடு, ராகம் என்ன, தாளம் என்ன, தாளத்துக்கு எத்தனை அட்சரம் என்று பரீட்சகர் அடுத்தடுத்துக் கேட்கும் சிறு கேள்விகளே வாய்மொழி வினா எனப்படும். சிலாபத்துக்கும் புத்தளத்துக்கும் இடையே கடலை ஒட்டிக் கிடக்கும் உடப்பிலும் அந்தப் பரீட்சைக் காலம் அண்மையில்தான் கடந்து போனது; ஆனால் அதனோடு சேர்ந்து வீடுதோறும் வழங்கப்பட்ட "பயப்படாமச் சொல்லு" என்னும் அறிவுரை இன்னும் காதை விட்டுப் போகவில்லை. பயப்படாமல் எதைச் சொல்வது என்பதை அறிவுரை வழங்கிய பெரியப்பாமாரோ மாமாமாரோ ஒருவரும் கூறவில்லை என்பதும், கேட்டால் அவர்களுக்கும் அது தெரியாது என்பதும் ஆய்வுக்குரிய செய்திகளாகும். இக்கட்டுரை அந்தக் குறையை நீக்குவதுடன், விடை அறவே தெரியாதபோது வாயைத் திறப்பது எவ்வாறு என்பதையும் இறுதியில் விளக்கும்.

ஆடி மாதத்தில் திரௌபதை அம்மன் கோயில் தீமிதிப்பைப் பார்த்து வளரும், சிலவேளை தானே தணலில் இறங்கும் ஓர் ஊரின் பிள்ளை, மின்விசிறியின் கீழ் அமர்ந்திருக்கும் ஒரு பரீட்சகரைக் கண்டு நடுங்குவதற்குத் துணிச்சல் குறைவு காரணமாக முடியாது. காரணம் நிழற்பிரதிக் குறிப்பு. முப்பத்தைந்து தாளங்களின் பெயர்களும் அவற்றின் எதிரே எண்களும் நிரையாக அடிக்கப்பட்ட அந்தத் தாளை மேலிருந்து கீழாக மனனம் செய்த பிள்ளையிடம் இருபத்து மூன்றாம் வரியைக் கேட்டால், அது முதலாம் வரியிலிருந்து உதடசைத்துக்கொண்டே இறங்கி வர வேண்டியிருக்கிறது. அதற்குள் பரீட்சகர் அடுத்த கேள்விக்குப் போய்விடுகிறார். பிரதியின் பிரதியில் 10 என்பதன் பூச்சியம் மங்கி 6 போலத் தெரிந்துவிட்டால், ஒரு வகுப்பு முழுவதும் ஒரே குரலில், மிகுந்த தன்னம்பிக்கையுடன், 16 என்று சொல்லவும் கூடும்.

உண்மையில் அந்தத் தாளில் உள்ள எதையும் மனனம் செய்யத் தேவையில்லை. சூளாதி சப்த தாளங்கள் எனப்படும் ஏழு தாளங்களும் மூன்றே உறுப்புகளால் ஆனவை. அனுதிருதம் ஒரு தட்டு, அதற்கு 1 அட்சரம். திருதம் ஒரு தட்டும் ஒரு வீச்சும், அதற்கு 2 அட்சரம். லகு ஒரு தட்டும் அதைத் தொடரும் விரல் எண்ணிக்கையும். ஜாதி என்பது லகுவின் நீளத்தை மட்டுமே குறிக்கும்: திஸ்ரம் 3, சதுஸ்ரம் 4, கண்டம் 5, மிஸ்ரம் 7, சங்கீர்ணம் 9. ஏழு தாளத்தை ஐந்து ஜாதியால் பெருக்க வருவதுதான் அந்த முப்பத்தைந்து. ஆகவே பிள்ளை அறிய வேண்டியது ஒவ்வொரு தாளத்திலும் எந்த உறுப்பு எந்த வரிசையில் வருகிறது என்பதை மட்டுமே. மிச்சத்தைக் கை பார்த்துக்கொள்ளும்.

மிஸ்ர ஜாதி ஜம்ப தாளம் கேட்கப்படுகிறது என்று வைத்துக்கொள்ளலாம். ஜம்பத்தின் உறுப்புகள் ஒரு லகு, ஓர் அனுதிருதம், ஒரு திருதம். மிஸ்ர லகு ஏழு ஆதலால், தொடையில் ஒரு தட்டு, பின்பு சுண்டுவிரல், மோதிரவிரல், நடுவிரல், சுட்டுவிரல், பெருவிரல், மறுபடி சுண்டுவிரல் என ஏழு முடிகிறது. அதன்மேல் ஒரு தட்டு எட்டு. தட்டும் வீச்சும் சேரப் பத்து. பரீட்சகர் கேள்வியை முடிக்கும்போதே கை தொடங்கிவிட்டால், விடை வரும்வரை நிலவும் மௌனமும் மௌனமாகத் தெரியாது, தாளமாகத் தெரியும். பரீட்சகர்களில் பெரும்பாலோர் சங்கீத ஆசிரியர்கள். விரல் சரியான ஒழுங்கில் இறங்குவதைக் கண்டால் அவர்களுடைய முகமே சற்று இளகும்.

இங்கே சில வழுக்கல்கள் உண்டு. துருவ தாளத்தில் லகு, திருதம், லகு, லகு என மூன்று லகுக்கள் வருவதால், ஜாதி மாறும்போது மூன்றும் மாறும் என்பதை மறந்து ஒன்றை மட்டும் மாற்றிவிட்டுத் திஸ்ர ஜாதித் துருவத்துக்கு 13 என்பவர்கள் உண்டு. 3, 2, 3, 3 கூட்டினால் 11. ஜாதியைச் சொல்லாமல் "திரிபுட தாளத்துக்கு எத்தனை?" என்று மட்டும் கேட்டால், அதன் வழமையான ஜாதி திஸ்ரம் ஆதலால் 3, 2, 2 என 7 வரும், ஆனால் நாள்தோறும் போடும் ஆதி தாளம் என்பது சதுஸ்ர ஜாதித் திரிபுடமே, அதற்கு 8. ரூபகம் இன்னும் பொல்லாதது. ஏட்டின்படி திருதமும் சதுஸ்ர லகுவும் சேர்ந்து 6. கச்சேரியிலோ இரண்டு தட்டும் ஒரு வீச்சுமாக மூன்றே எண்ணிக்கையில் போடுகிறார்கள். கை மூன்று போட வாய் ஆறு சொல்லும் பிள்ளையிடம் பரீட்சகர் "ஏன் மகள், கை மூன்றுதானே போடுது?" என்று கேட்டால், இரண்டுமே சரி, ஆறு ஏட்டு முறை, மூன்று நடைமுறை என்று சொல்ல வேண்டுமேயன்றி, உடனே வாயையும் மூன்றுக்கு மாற்றிவிடக் கூடாது.

மாற்றிவிடுவதுதான் வழக்கம். பரீட்சகர் "ஆ?" என்றால் போதும், சரியான விடை அந்தக் கணமே பிழையாகிவிடுகிறது. "பத்து, சேர்." "ஆ?" "பன்னிரண்டு, சேர்." அவருக்குக் காது கேட்கவில்லை என்பதை, அடுத்த மண்டபத்தில் நடனப் பரீட்சையின் சலங்கையும் தட்டுக்கழியும் ஓயாமல் ஒலிக்கும் சூழலில், ஒரு பிள்ளைக்காவது ஊகிக்கத் தோன்றுவதில்லை. சிலர் இன்னும் நுட்பமானவர்கள். "ப" என்று தொடங்கிப் பரீட்சகரின் புருவத்தைப் பார்த்து, அது உயர்ந்தால் பன்னிரண்டாகவும் உயராவிட்டால் பத்தாகவும் அந்த எழுத்தை முடிப்பார்கள். இம்முறையைப் பிள்ளைகள் யாரிடம் கற்றார்கள் என்பதற்கு, வங்கி முகாமையாளர் முன்னிலையில் அதே பெரியப்பாமார் பேசும் பாங்கே போதிய சான்றாகும்.

இதில் மிகவும் எரிச்சலூட்டுவது, இதே பிள்ளைகள் தாளம் அறியாதவர்கள் அல்லர் என்பது. கரைவலை, அதாவது தோணியில் கொண்டுபோய் வளைத்து விட்ட வலையின் இரு கயிறுகளையும் கரையில் நின்று இழுக்கும் தொழில், உடப்பில் அம்பாப் பாட்டோடு நடந்து வந்தது. ஒருவர் அடியெடுக்க மற்றவர்கள் ஏலேலோ என்று வாங்கும் அந்தப் பாட்டில், எல்லாக் காலும் ஒரே நேரத்தில் மணலை ஊன்றி எல்லாக் கையும் ஒரே நேரத்தில் இழுக்க வேண்டும். ஓர் அட்சரம் பிந்தினாலும் இழுப்பின் பலம் சிதறும், பிந்தியவருக்கு ஏச்சும் கிடைக்கும். அந்தக் கயிற்றில் கை வைத்த ஒரு பையனிடம் "லகு என்றால் என்ன?" என்று கேட்டால் அவன் சுவரைப் பார்க்கிறான். லகுவின் வரைவிலக்கணம் அவனுடைய தாளில் ஒன்பதாம் வரியில் இருக்கிறது; அவனோ இன்னும் நாலாம் வரியில் நிற்கிறான்.

மண்டபத்துக்கு வெளியே வந்ததும் நிலைமை வேறு. வேலியோரம் காத்திருந்த அம்மா "என்ன கேட்டாங்க?" என்று வாயெடுக்குமுன், மிஸ்ர ஜாதி ஜம்பம் விரல் எண்ணிக்கையோடும், ரூபகம் இரண்டு கணக்கோடும், கேட்கப்படாத சங்கீர்ண ஜாதி அட தாளம் 22 என்பதும் சேர்த்து, தடங்கலின்றி ஒப்புவிக்கப்படுகின்றன. அம்மாவிடம் புள்ளித்தாள் இல்லை. விடை அறவே தெரியாதபோது வாயைத் திறப்பது எவ்வாறு என்பதை விளக்க ஒதுக்கியிருந்த இடத்தை ரூபகம் எடுத்துக்கொண்டது. அந்தத் தாளத்தைப் பற்றி ஏட்டுக்காரரும் கச்சேரிக்காரரும் ஒரு முடிவுக்கு வந்திருந்தால் இடம் மிஞ்சியிருக்கும்.